பாடம் 7: வெளியே எழுபது பாகை

இந்தப் பாடம் ஒரு சிறுகதையுடன் தொடங்குகிறது. கதையில் வருவோர் கற்பனை மாந்தர். ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்லவிருக்கும் குடும்பங்கள் பாடம் முழுவதையும் வாசியுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வாசித்தால் நல்லது. கணக்குகளை அவர்கள் விரைவாகச் செய்துவிடுவார்கள். கனடாவுக்குச் செல்பவர்களுக்கென ஒரு குறிப்பு கடைசியில் உள்ளது.

கதை

செல்வராணிக்கு வயது 38. கிளிநொச்சியில் இருந்து அவர் போன ஆகக்கூடிய தூரம் கொழும்பு. கணவர் சிவநேசன் நான்கு வருடங்களுக்கு முன்னர் அமெரிக்கா போய், இப்போது சிக்காகோ நகரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். செப்ரெம்பர் மாதக் கடைசியில் செல்வராணியும், 13 வயது யாழினியும், 5 வயதுச் சின்னவனும் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினார்கள்.

டோகாவில் விமானம் மாற வேண்டும். இறங்குவதற்கு முன் விமானி ஏதோ அறிவித்தார். யாழினி கேட்டுவிட்டு, "வெளியிலை 39 பாகையாம் அம்மா" என்றாள். படியால் இறங்கிப் பஸ்ஸில் ஏறிய அந்தச் சில நிமிடங்களுக்குள், அடுப்படியில் சட்டி மூடியைத் திறந்தது போல முகத்தில் சூடு அடித்தது. 39 என்றால் இதுதான் என்று செல்வராணி மனதில் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் இருந்த திரையில் வெளி வெப்பநிலை -54 என்று காட்டியது. அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் °C என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த எண் -65 ஆக மாறியது, பக்கத்தில் °F. பிறகு மீண்டும் -54. செல்வராணி எண்ணைப் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை. மேலே போகப் போகக் குளிர் கூடிக் குறைகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு சின்னவனுக்குச் சுவெற்றரைப் போட்டுவிட்டார்.

சிக்காகோவில் குடிவரவு அதிகாரியிடம் கடவுச்சீட்டுகளைக் காட்டி, பெட்டிகளை எடுத்து, சுங்கத்தையும் தாண்டி வருகை மண்டபத்துக்கு வந்தபோது பின்னேரம் மூன்றே முக்கால். சிவநேசன் முதலே சொல்லியிருந்தார்: "சாமானோடை வாசல் கதவாலை வெளியிலை வந்து நில்லுங்கோ. நான் காரோடை அதாலை வருவன். அதிலை காரை நிப்பாட்டி வைக்க விடமாட்டினம்." செல்வராணியின் கையில் போன் இருந்தது. அந்த நாட்டு சிம் இல்லை.

வாசல் கதவுக்கு மேலே ஒரு திரை. நகரின் பெயர், நேரம், அதற்குக் கீழே 70° என்று பெரிதாக ஓர் எண், பக்கத்தில் சூரியன் படம்.

"யாழினி, அதிலை என்ன போட்டிருக்கு?"

"வெளியிலை எழுபது பாகையாம் அம்மா."

"எழுபதோ? வடிவாப் பார் பிள்ளை."

"ஏழு, சைபர். எழுபதுதான்."

செல்வராணி கதவில் இருந்து இரண்டடி பின்னுக்கு வந்தார். 39 அப்படிச் சுட்டது. தண்ணீர் நூறில் கொதிக்கும். எழுபது என்றால் பிள்ளைகளின் தோல் என்னாவது? அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. வன்னியில் வளர்ந்த ஒருவர் செய்வதைத்தான் அவரும் செய்தார். "வெயில் தாழ்ந்தாப் பிறகு போவம்" என்று சொல்லிச் சுவரோரக் கதிரையில் இருந்தார். சின்னவனின் சுவெற்றரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். கழிவறைக்குப் போய்த் துவாயை நனைத்து வந்து அவன் தலையில் போட்டார். இரண்டு போத்தல்களிலும் தண்ணீர் நிரப்பினார்.

வெளியே சிவநேசன் காரோடு வந்தார். ஒருவரும் இல்லை. பொலிஸ்காரர் கையைக் காட்ட, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் அவருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. குடிவரவில் மறித்துவிட்டார்களோ? டோகாவிலேயே விமானத்தைத் தவறவிட்டுவிட்டார்களோ?

ஒரு மணித்தியாலம் கடந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யாழினி, "அம்மா, வெளியிலை ஒராள் ஜக்கெற் போட்டுக்கொண்டு நிக்கிறார்" என்றாள்.

"இந்த ஊர்ச் சனத்துக்குப் பழகியிருக்கும்."

"எழுபதுக்கு ஆரும் பழகேலாதம்மா. உலகத்திலையே ஆகக்கூடின வெப்பம் 56.7 எண்டு எங்கடை சயன்ஸ் ரீச்சர் சொன்னவ. அதுவும் ஒரு பாலைவனத்திலை. அங்கை பாருங்கோ, கைப்பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி போட்டிருக்கினம்."

செல்வராணி எழும்பிப் போய்ப் பார்த்தார். கைப்பிள்ளைக்குத் தொப்பி போட்டிருந்தது உண்மை. ஒரு பெண் ஆவி பறக்கும் கோப்பியைக் குடித்துக்கொண்டு நிழலில் இருந்து வெயிலுக்கு வந்து நின்றாள். செல்வராணி கதவுக்குக் கிட்டப் போனார். கதவு தானாகத் திறந்தது. நுவரெலியாக் காற்றுப் போல ஒன்று வந்து முகத்தில் பட்டது. ஈரத் துவாயோடு நின்ற சின்னவன் நடுங்கத் தொடங்கினான்.

நாலாவது சுற்றில் வந்த சிவநேசன் காரை விட்டு இறங்கி ஓடி வந்தார். மனைவியைப் பார்த்த சந்தோசத்துக்கு முதல் அவருடைய கண்ணில் பட்டது மகனின் தலைதான்.

"இதென்னப்பா, பிள்ளையின்ரை தலை நனைஞ்சிருக்கு? சுவெற்றர் எங்கை?"

"நீங்கள் எழுபது பாகைக்குள்ளை வந்து நிக்கச் சொன்னீங்கள்" என்றார் செல்வராணி. அழுகையா கோபமா என்று தெரியாத குரல்.

சிவநேசனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு திரும்பித் திரையைப் பார்த்தார். "ஐயோ, அது பரனைட்டப்பா. எங்கடை கணக்கிலை இருபத்தொண்டு."

இரண்டாவது கிழமை சின்னவனுக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்தது. செல்வராணி வெப்பமானியை வாயில் வைத்துப் பார்த்தார். "நூற்றியொண்டு. பயப்பிட ஒண்டுமில்லை, தண்ணி நிறையக் குடுப்பம்" என்றார் அமைதியாக.

யாழினி சிரித்தாள். "அம்மா, எழுபதுக்குப் பயந்தனீங்கள், நூற்றியொண்டுக்குப் பயமில்லையோ?"

"காய்ச்சல் கணக்கு வேறையெல்லோ" என்று சொல்லத் தொடங்கிய செல்வராணி பாதியில் நிறுத்தினார்.

விளக்கம்

செல்வராணி நிறுத்திய இடத்தில் இருந்தே நாம் தொடங்கலாம். காய்ச்சல் கணக்கு வேறு அல்ல. நமது வீடுகளில் பிள்ளைக்கு நூறு காய்ச்சல், நூற்றிரண்டு காய்ச்சல் என்று சொல்லும்போது நாம் பரனைட்டில்தான் பேசுகிறோம். வெயிலையும் மழையையும் பேசும்போது மட்டும் செல்சியசுக்கு மாறிவிடுகிறோம். வானொலி "யாழ்ப்பாணத்தில் 32 பாகை" என்றால் அது செல்சியஸ். அம்மா "தம்பிக்கு 101" என்றால் அது பரனைட். இரண்டு அளவுகள் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லை, ஏனென்றால் ஒன்று உடம்புக்கு, மற்றது வெளிக்கு. அமெரிக்காவில் வெளிக்கும் பரனைட்தான். அதனால்தான் அங்கே திரைகளில் பெரும்பாலும் F என்ற எழுத்தைக்கூடப் போடுவதில்லை. அந்த ஊரவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை.

இந்த அளவைத் தந்தவர் டானியல் கேப்ரியல் பரனைட். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரச வெப்பமானியைச் செய்தவரும் அவரே. சுவீடன் நாட்டவரான அன்டர்ஸ் செல்சியஸ் தமது அளவை 1742இல் முன்வைத்தார். பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த நாடுகள் நெடுங்காலம் பரனைட்டையே பாவித்துவிட்டு, கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் செல்சியசுக்கு மாறின. அமெரிக்காவிலும் 1975இல் மெற்றிக் முறைக்கு ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது விரும்பியவர் மாறலாம் என்ற சட்டம். பொதுமக்கள் மாறவில்லை.

இரண்டு அளவுகளுக்கும் தொடக்கப் புள்ளி வேறு, படியின் பருமனும் வேறு. நீர் உறையும் இடம் செல்சியசில் 0, பரனைட்டில் 32. நீர் கொதிக்கும் இடம் செல்சியசில் 100, பரனைட்டில் 212. ஆகவே உறைவதற்கும் கொதிப்பதற்கும் இடையே செல்சியசில் 100 படிகள், பரனைட்டில் 180 படிகள். 100க்கு 180 என்பது 5க்கு 9. கணக்கு இதில் இருந்துதான் வருகிறது: முதலில் 32ஐக் கழியுங்கள், வந்ததை 5ஆல் பெருக்குங்கள், பிறகு 9ஆல் வகுங்கள்.

விமான நிலையத் திரையில் இருந்த 70ஐ எடுப்போம். 70இல் 32 போனால் 38. அதை 5ஆல் பெருக்க 190. அதை 9ஆல் வகுக்க 21 சொச்சம். நுவரெலியாவில் பகல் நேரத்தில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ இவ்வளவுதான்.

தெருவில் நின்றுகொண்டு இப்படிப் பெருக்கி வகுக்க ஒருவராலும் முடியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: 30ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். 70இல் 30 போனால் 40, பாதி 20. சரியான விடை 21. ஒரு பாகை வித்தியாசத்தில் என்ன உடுப்பு என்பது மாறப்போவதில்லை. 50 என்றால் 20, பாதி 10. அந்த இடத்தில் குறுக்கு வழியும் சரியான கணக்கும் ஒன்றாகவே வரும். 50இல் இருந்து தூரம் போகப் போகத்தான் பிழை கூடும்.

ஆகவே காய்ச்சலுக்கு இந்தக் குறுக்கு வழியை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். 101ஐ இப்படிச் செய்தால் 35.5 வரும். அது காய்ச்சலே இல்லாத உடம்பு போலத் தெரியும். உண்மையில் 101 என்பது 38.3. உடம்புச் சூட்டில் இரண்டு மூன்று பாகை என்பது சிறிய வித்தியாசம் அல்ல. காய்ச்சலை மாற்றிப் பார்க்கத் தேவையும் இல்லை. நீங்கள் அறிந்த பழைய எண்கள் அங்கே அப்படியே செல்லும். அமெரிக்க வைத்தியர்கள் பொதுவாக 100.4இல் இருந்து காய்ச்சல் என்று கொள்வார்கள். அது செல்சியசில் சரியாக 38. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 வந்தால் காத்திருக்காமல் உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். பரசிற்றமோல் என்று நாம் சொல்லும் மருந்துக்கு அங்கே அசற்றமினோபன் என்று பெயர் என்பதையும் இத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய எண்ணைவிடச் சின்ன எண்ணைக் கவனியுங்கள்

செல்வராணியின் கதையைப் பயிற்சி வகுப்புகளில் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கலாம், ஏனென்றால் 70ஐப் பிழையாக வாசித்தால் ஒரு மணித்தியாலம் வீணாகும், ஒரு துவாய் நனையும், அவ்வளவுதான். எண் பெரிதாக இருப்பதால் ஏதோ பிழை என்று யாழினியைப் போல ஒருவர் கண்டுபிடித்தும் விடுவார். 60ஐத் தாண்டிய எந்த எண்ணும் வெளி வெப்பமாகச் செல்சியசில் இருக்க முடியாது. உலகில் பதிவான ஆகக்கூடிய காற்று வெப்பநிலை 56.7 செல்சியஸ். 1913இல் கலிபோர்னியாவின் டெத் வலியில் அது பதிவானது. அமெரிக்கர்கள் அதையே 134 என்று சொல்வார்கள்.

ஆபத்து, நமக்குப் பழகிய எண்களில்தான் இருக்கிறது. தை மாதத்தில் ஒரு காலை. போன் திரையில் 28 என்று இருக்கிறது. 28 என்றதும் நமது மனதில் வருவது மழை ஓய்ந்த ஒரு மார்கழிப் பகல். ஒரு சேர்ட்டே போதும் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: 28இல் 32ஐக் கழிக்க முடியாது, நாலு குறைகிறது. அந்த -4ஐ 5ஆல் பெருக்க -20. 9ஆல் வகுக்க -2 சொச்சம். நீர் உறையும் நிலைக்கும் கீழே. வீட்டுப் படியில் இரவு நின்ற தண்ணீர் இப்போது கண்ணாடி போல ஐஸ் ஆகியிருக்கும். செருப்போடு காலை வைத்தால் சறுக்கும். பாடசாலை பஸ்சுக்காக மெல்லிய உடுப்போடு காத்து நிற்கும் பிள்ளையின் விரல்களும் காதும் விறைக்கும். சிக்காகோவில் தை மாதம் 28 என்பது ஆகக் குளிரான நாளும் அல்ல, சாதாரண நாள்.

ஆகவே ஓர் எண்ணை மட்டும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: 32. நமக்கு அது யாழ்ப்பாணத்து வெயில். அங்கே அது ஐஸ். திரையில் 32 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் தடித்த ஜக்கெற், கையுறை, காதை மூடும் தொப்பி, அடி வழுக்காத சப்பாத்து இவை இல்லாமல் வீட்டை விட்டு இறங்க வேண்டாம்.

போனில் வானிலை பார்க்கும்போது Feels like என்ற இரண்டாவது எண்ணும் இருக்கும். காற்று வீசும்போது உடம்பில் இருந்து சூடு விரைவாகப் போய்விடும். அப்போது உடம்பு உணரும் குளிர் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்கிறது. மாரியில் இதுதான் முக்கியமானது. 20 என்று போட்டு, கீழே Feels like 5 என்று இருந்தால் 5க்கு உடுத்துங்கள். தோல் வெள்ளையாகவோ மரத்தோ போனால் உள்ளே வந்து இளஞ்சூட்டு நீரில் வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது.

உங்கள் போனின் வானிலைச் செயலியில் °C என்று மாற்றி வைக்கலாம். முதல் மாதத்துக்கு அப்படி வைத்திருப்பதில் பிழையில்லை. ஆனால் பாடசாலையும் வேலைத்தலமும் அயலவரும் பரனைட்டில்தான் பேசுவார்கள் என்பதால் அதை நிரந்தரமாக வைத்திருப்பது எங்களுக்கு அவ்வளவு உடன்பாடில்லை.

வீட்டுச் சுவரில் இருக்கும் எண்

வாடகை வீட்டின் சுவரில் தேர்மோஸ்ராற் என்ற சிறு பெட்டி இருக்கும். வீட்டைச் சூடாக்கும் கருவி எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை அதில்தான் வைப்பது. வீடு 25 பாகையில் இருக்கட்டும் என்று எண்ணி அதைக் கீழே கீழே அழுத்திக்கொண்டு போனவர்கள் உண்டு. 25 வராது. பெரும்பாலான பெட்டிகள் 40, 45 போன்ற ஆகக் குறைந்த எண்ணில் நின்றுவிடும். 45 என்பது 7 செல்சியஸ். இரவில் வீடு குளிர்பெட்டி போலாகும். பொதுவாக 68இல் வைக்கலாம். அது சரியாக 20 செல்சியஸ்.

சிக்காகோவில் இதற்கு நகரச் சட்டமே உண்டு. வீட்டுக்காரரின் பொறுப்பில் சூடாக்கும் கட்டடங்களில் செப்ரெம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் குறைந்தது 68, இரவில் குறைந்தது 66 இருக்க வேண்டும். சுவரில் 60 என்று காட்டி, பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருந்தால் எண் பெரிதாக இருக்கிறதே என்று பேசாமல் இருக்க வேண்டாம். 60 என்பது பதினைந்தரை செல்சியஸ்தான். முதலில் வீட்டுக்காரருக்கு அறிவியுங்கள், சரிவராவிட்டால் 311 என்ற நகரசபை இலக்கத்துக்கு அழையுங்கள். வேறு நகரங்களில் விதி வேறாக இருக்கலாம். உங்களைப் பொறுப்பேற்கும் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கனடாவுக்குச் செல்பவர்களுக்கு

கனடா 1975இல் வானிலை அறிவிப்புகளைச் செல்சியசுக்கு மாற்றிவிட்டது. ஆகவே ரொறன்ரோ விமான நிலையத் திரையில் 21 என்று இருந்தால் அது நமது 21தான். ஆனால் சமையலறைக்குள் போனால் கதை மாறும். அங்குள்ள அவன்கள் பெரும்பாலும் பரனைட்டில் இருக்கும். கேக்குக்கு 180 செல்சியஸ் என்று நமது சமையல் கொப்பியில் எழுதியிருந்தால், அங்கே 350 என்று வைக்க வேண்டும். 180 என்றே வைத்தால் மாவு இளஞ்சூட்டில் இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் வேகாது.

பயிற்சி

பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள். முதல் மூன்றுக்கும் குறுக்கு வழி போதும்.

1. வருகை மண்டபத் திரையில் 90° என்று இருக்கிறது. சின்னவனுக்குச் சுவெற்றர் வேண்டுமா?

2. பஸ் நிலையத் திரையில் 40° என்று இருக்கிறது. டோகாவில் செல்வராணி உணர்ந்த சூடா இது?

3. காலையில் போனில் 30°, கீழே Feels like 18°. எந்த எண்ணுக்கு உடுப்பீர்கள்? அது செல்சியசில் ஏறத்தாழ எவ்வளவு?

4. ஆறு கிழமைக் குழந்தையின் வெப்பமானி 100.6 காட்டுகிறது. என்ன செய்வீர்கள்?

விடைகள்: (1) 90 என்றால் குறுக்கு வழியில் 30, சரியாக 32 செல்சியஸ், சுவெற்றர் தேவையில்லை, தொப்பியும் தண்ணீரும் போதும். (2) இல்லை, 40 என்பது 5 செல்சியஸ் அளவில், குளிர். (3) 18க்கு, அது குறுக்கு வழியில் -6, சரியான கணக்கில் -8 அளவில். (4) மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வைத்தியரை அழையுங்கள்.